டயரின் அறிக்கையை நான்கு கட்டங்களில் படிப்பது

மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து பிளாக்கில் இருக்கும் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன மாதம் ஒரு ஒர்க் ஷீட்டோடு வந்தாள். வீட்டில் தமிழ், லிஃப்ட்டில் இந்தி, நோட்டில் ஆங்கிலம் என்று வளர்ந்த தில்லித் தமிழ்ப் பிள்ளை. நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், பரீட்சை நெருங்கும்போது இப்படி யாராவது வருவார்கள்.

தாளின் மேல்பாதியில் எட்டு வரி ஆங்கிலப் பத்தி ஒன்று. கீழே நான்கு கட்டங்கள்: தோற்றம், நோக்கம், நம்பகத்தன்மை, பயன்பாடு. அவள் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். தோற்றம்: "ஜெனரல் டயர், 1919." நோக்கம்: "நடந்ததைத் தெரிவிக்க." நம்பகத்தன்மை: "ஆங்கிலேயர் எழுதியது, பயாஸ் உள்ளது, நம்ப முடியாது." பயன்பாடு: "முதன்மைச் சான்று என்பதால் மிகவும் பயனுள்ளது."

"நாலு மார்க்குக்கு ஒரு மார்க்தான் போட்டிருக்காங்க ஆன்ட்டி. எதுவுமே தப்பா எழுதலையே?"

தப்பாக எதுவும் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்றாம் கட்டமும் நான்காம் கட்டமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. நம்பவே முடியாத ஒன்று எப்படி மிகவும் பயனுள்ளதாகும்? ஆகலாம். ஏன் ஆகலாம் என்று சொல்வதற்குத்தான் அந்த நாலு மார்க்.

அந்தப் பத்தி, ஜாலியன்வாலா பாக்கில் சுட உத்தரவிட்ட பிரிகேடியர் ஜெனரல் ரெஜினால்ட் டயர் 1919 ஆகஸ்ட் 25 அன்று தன் மேலிடமான 16ஆவது டிவிஷன் தலைமையகத்துக்கு எழுதிய அறிக்கையிலிருந்து எடுத்தது. (அப்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர் மைக்கேல் ஓ'ட்வையர். 1940இல் லண்டனில் உத்தம் சிங் சுட்டது அவரை. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் ஆண்டுதோறும் ஐந்தாறு விடைத்தாளிலாவது உத்தம் சிங் தவறான ஆளைச் சுட்டுவிடுவார்.) பத்தியின் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி: கூட்டம் கலையும் வரை சுட்டேன், தொடர்ந்து சுட்டேன். என் கடமையாக இருந்த பரவலான மனத்தாக்கத்தை உண்டாக்க இதுவே ஆகக் குறைந்த அளவு என்று கருதுகிறேன். கையில் இன்னும் படை இருந்திருந்தால் சேதமும் அதற்கேற்ப அதிகமாகியிருக்கும். வெறுமனே கூட்டத்தைக் கலைப்பது என்ற பேச்சே அப்போது இல்லை. அங்கே இருந்தவர்களிடம் மட்டுமல்ல, முக்கியமாகப் பஞ்சாப் முழுவதும், ராணுவ நோக்கில் போதுமான மனத்தாக்கத்தை ஏற்படுத்துவதுதான் கேள்வி.

முதல் கட்டத்திலிருந்து தொடங்கினோம். அவள் எழுதியிருந்த "1919" அந்தக் கட்டத்துக்குப் போதாது. துப்பாக்கிச் சூடு ஏப்ரல் 13. அறிக்கை ஆகஸ்ட் 25. நடுவே நாலு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஆண்டை மட்டும் எழுதினால் அந்த இடைவெளி கண்ணில் படாமலே போய்விடும். தோற்றம் என்ற கட்டத்தில் யார், எப்போது என்பதோடு, சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தில் என்னென்ன நடந்தது என்பதும் வர வேண்டும்.

இந்த வழக்கில் அந்தத் தூரம் குறிப்பாக முக்கியம். ஏனென்றால் இதே டயர் இதே சம்பவத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு முறை எழுதியிருக்கிறார். சூட்டுக்கு மறுநாள், ஏப்ரல் 14 அன்று அனுப்பிய சிறு அறிக்கை அது. குறுகலான சந்து வழியாக உள்ளே போனேன், அதனால் கவச வண்டிகளை வெளியே விட வேண்டியதாயிற்று. சுமார் 5,000 பேர் கொண்ட நெருக்கமான கூட்டம், மேடையில் ஒருவன் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். என் படை சிறியது, தயங்கினால் தாக்கக்கூடும் என்று உணர்ந்து உடனே சுட்டுக் கூட்டத்தைக் கலைத்தேன். 200இலிருந்து 300 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறேன். என் ஆட்கள் 1,650 தோட்டாக்கள் சுட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏப்ரலில் காரணம் பயம்: படை சிறியது, தாக்கிவிடுவார்கள். ஆகஸ்டில் காரணம் பாடம் புகட்டுவது: பஞ்சாப் முழுவதும் நடுங்க வேண்டும். ஒரே ஆள், ஒரே பத்து நிமிடம், இரண்டு காரணம். நவம்பர் 19 அன்று லாகூரில், அரசு அமைத்த விசாரணைக் குழுவான ஹண்டர் கமிட்டி முன் அவர் சாட்சி சொன்னபோது இரண்டாவது காரணம் இன்னும் அப்பட்டமாக வந்தது. சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும், ஆனால் அவர்கள் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றார். கவச வண்டிகள் உள்ளே வர முடிந்திருந்தால் எந்திரத் துப்பாக்கியைப் பயன்படுத்தியிருப்பீர்களா என்று கமிட்டி உறுப்பினர் சிமன்லால் செடல்வாட் கேட்டதற்கு, அநேகமாக ஆம் என்றார்.

ஆக, தோற்றம் என்ற கட்டத்தில் எழுத வேண்டிய வாக்கியம் இதுதான்: "சூட்டுக்கு உத்தரவிட்டவரே, சம்பவம் நடந்து நாலு மாதத்துக்குப் பிறகு, ஏற்கெனவே மறுநாள் ஒரு சிறு அறிக்கை அனுப்பியிருந்த நிலையில், தன் ராணுவ மேலிடத்துக்கு எழுதிய விரிவான அறிக்கை." நீளம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு துண்டும் அடுத்த மூன்று கட்டங்களில் எங்காவது வேலை செய்யும். வேலை செய்யாத தகவல் தோற்றத்தில் தேவையில்லை. டயர் எங்கே பிறந்தார், எந்தப் பள்ளியில் படித்தார் என்பதையெல்லாம் சிலர் கூகுளில் தேடி எழுதுகிறார்கள், அதற்கு மார்க் கிடையாது.

இரண்டாம் கட்டம் நோக்கம். "நடந்ததைத் தெரிவிக்க" என்பது எந்த அறிக்கைக்கும் பொருந்தும். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் ரிப்பேரான அறிக்கைக்கும் பொருந்தும். நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதினார்?

ஆகஸ்ட் அறிக்கையின் வாசகர் படைத்தலைமை. அந்த வாசகர் அதுவரை டயரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது இங்கே தெரிய வேண்டும். ஏப்ரலிலேயே அவருடைய டிவிஷன் தலைமையிடமிருந்து, உங்கள் செயல் சரியானது, லெப்டினன்ட் கவர்னரும் ஒப்புதல் அளிக்கிறார் என்ற செய்தி வந்துவிட்டது. அடுத்த மாதங்களில் ஆப்கன் போர் மூண்டது, எல்லையில் தால் என்ற இடத்தில் முற்றுகையை உடைத்துப் பெயர் வாங்கினார். ஆகவே ஆகஸ்டில் பேனாவை எடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாகத் தன்னை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார். பாராட்டப்பட்ட அதிகாரி, தன் செயலின் தர்க்கத்தைத் தன் இனத்து ராணுவ வாசகர்களுக்கு விளக்குகிறார். அதே சமயம் விசாரணை ஒன்று வரப்போகிறது என்ற பேச்சும் அதற்குள் எழுந்துவிட்டது. கமிட்டி அக்டோபரில் அமைக்கப்பட்டது.

இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நோக்கம் இருக்கிறது. தெரிவிப்பது என்ற பெயரில் நியாயப்படுத்துவது. அதுவும் எந்த அளவுகோலை வைத்து? அதிகாரி ஒருவர் கூட்டத்தைக் கலைக்க எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்கு விதி உண்டு: தேவையான ஆகக் குறைந்த அளவு. டயர் அந்தச் சொற்களை விடவில்லை. "ஆகக் குறைந்த அளவு" என்றே எழுதுகிறார். ஆனால் எதற்கு ஆகக் குறைந்தது என்பதை மாற்றிவிடுகிறார். கூட்டத்தைக் கலைக்க ஆகக் குறைந்தது அல்ல, மாகாணம் முழுவதையும் அச்சுறுத்த ஆகக் குறைந்தது. விதியின் சொல்லை வைத்துக்கொண்டு விதியையே புரட்டிப்போட்ட வாக்கியம் அது. நோக்கத்தைச் சான்றின் சொற்களுக்குள்ளேயே காட்ட முடிந்தால், இரண்டாம் கட்டம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பிற்பாடு ஹண்டர் கமிட்டியின் பெரும்பான்மை உறுப்பினர்களும் இதே இடத்தில்தான் அவரைக் குறை சொன்னார்கள்: எச்சரிக்கை கொடுக்கவில்லை, கூட்டம் கலையத் தொடங்கிய பிறகும் சுட்டார், தன் கடமை என்னவென்று தவறாகப் புரிந்துகொண்டார் என்று.

மூன்றாம் கட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குவது. நம்பகத்தன்மை என்றால் முழு ஆவணத்துக்கும் ஒரே மார்க் போடுவது என்று நினைக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் நான் டயரை விட்டுவிட்டு ராஜராஜனுக்குப் போனேன். அவளுடைய பாட்டி தஞ்சாவூர்க்காரர், பெரிய கோயில் கல்வெட்டை நேரில் பார்த்திருக்கிறாள்.

ஒரு சோழர் கல்வெட்டை எடுத்துக்கொண்டால் முதலில் மெய்க்கீர்த்தி வரும். "திருமகள் போல" என்று தொடங்கி, "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று வெற்றிகளை அடுக்கும். கலமறுத்தது என்றால் கப்பலை அழித்ததா, வேறு ஏதாவதா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே கல்லில் கொஞ்சம் கீழே போனால் விளக்குக்கு இத்தனை ஆடு, இத்தனை காசு, இன்ன ஊர் நிலம் என்று கணக்கு வரும். மேலே இருப்பது அரசன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினான் என்பது. கீழே இருப்பது பின்னால் யாராவது ஏமாற்றினால் எடுத்துக் காட்ட வேண்டிய பத்திரம். ஒரே உளி, ஒரே கல். ஆனால் இரண்டுக்கும் ஒரே மார்க் போட முடியாது.

டயரின் எழுத்தையும் அப்படித்தான் வாக்கியம் வாக்கியமாகப் பிரிக்க வேண்டும். ஏப்ரல் அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 200இலிருந்து 300 பேர் இறந்தார்கள் என்பது ஒன்று, 1,650 தோட்டா என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கையெழுத்தின் கீழ் வருவதால் ஒரே தரம் என்று எண்ணக் கூடாது. சூடு முடிந்ததும் டயர் படையோடு திரும்பிப் போய்விட்டார். பிணங்களை எண்ணவில்லை, காயம்பட்டவர்களைப் பார்க்கவில்லை. அன்றிரவு ஊரடங்கு வேறு. ஆகவே முதல் எண் போகிற போக்கில் கண்ணளவில் போட்டது. பிற்பாடு அரசே ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 379. காங்கிரஸ் தரப்பு சொன்னது ஆயிரத்தை ஒட்டி இருந்தது. தோட்டா அப்படியல்ல. ராணுவத்தில் அது கணக்குப் பொருள், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது. அந்த எண்ணைக் கூட்டியோ குறைத்தோ சொல்வதில் டயருக்கு லாபமும் இல்லை.

இப்போது நம்பத்தக்க எண்ணை வைத்து நம்பத்தகாத வாக்கியத்தைச் சோதிக்கலாம். சுட்ட சிப்பாய்கள் 50 பேர். மற்ற 40 கூர்க்காக்களிடம் குக்ரி கத்திதான் இருந்தது. 1,650ஐ 50ஆல் வகுத்தால் ஆளுக்கு 33 தோட்டா. அவர்கள் கையில் இருந்த .303 துப்பாக்கியின் பெட்டியில் ஒரு தடவைக்குப் பத்துத் தோட்டா கொள்ளும். அப்படியானால் ஒவ்வொருவரும் சராசரியாக மூன்று முறையாவது நிறுத்தி, மறுபடி நிரப்பி, மறுபடி சுட்டிருக்க வேண்டும். சூடு சுமார் பத்து நிமிடம் நீடித்தது என்று அவரே பிற்பாடு சொன்னார். 600 வினாடியில் 33 தோட்டா, அதாவது ஏறக்குறைய 18 வினாடிக்கு ஒன்று. பயிற்சி பெற்ற சிப்பாய் ஒரு நிமிடத்தில் பதினைந்து தோட்டா குறிபார்த்துச் சுடக்கூடிய துப்பாக்கி அது. தாக்க வருகிறார்கள் என்று பயந்து சுடுகிறவர்கள் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு நேரம் சுடுவார்களா?

அவள் கால்குலேட்டரை எடுத்துக் கணக்கைச் சரிபார்த்தாள். "அப்ப ஏப்ரல்ல சொன்ன பயம்ங்கறது பொய்யா ஆன்ட்டி?"

பொய் என்று எழுத நான் விடவில்லை. உள்ளே நுழைந்த முதல் வினாடியில் அவர் பயந்திருக்கலாம், ஆளின் மனதுக்குள் யார் போய்ப் பார்த்தது? ஆனால் பயம் என்ற காரணம் முதல் சில தோட்டாக்களை விளக்கலாமே தவிர, பத்து நிமிடத்தை விளக்காது. "அறிக்கையில் உள்ள எண்ணே அறிக்கையில் உள்ள காரணத்தோடு ஒத்துப்போகவில்லை" என்பதுதான் எழுதத்தக்க வாக்கியம். பதினெட்டு வினாடி என்பதும் சராசரிதான். முதல் நிமிடத்தில் சரமாரியாகச் சுட்டு, பிறகு குறைத்திருக்கலாம். கணக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அதன் மேல் ஏற்ற வேண்டும்.

ஆகஸ்ட் அறிக்கையின் நம்பகத்தன்மை வேறு விதம். தனக்குப் பாதகமாகவே ஒருவர் ஒப்புக்கொள்ளும் வாக்கியத்துக்குப் பொதுவாக எடை அதிகம் கொடுப்போம். இன்னும் படை இருந்திருந்தால் சேதம் கூடியிருக்கும் என்று எழுதுவது, யாரும் கட்டாயப்படுத்தாமல் தன் தலையில் தானே மண்ணை வாரிப்போட்டுக்கொள்வது. ஆனால் இந்த அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சறுக்கும். பாதகம் என்று நமக்குத் தோன்றுவது எழுதியவருக்கு அப்படித் தோன்றியதா என்று பார்க்க வேண்டும். ஆகஸ்டில் டயருக்கு அது குற்ற ஒப்புதலாகத் தெரிந்திருக்காது, பெருமையாகவே தெரிந்திருக்கலாம். பஞ்சாபையே கலகத்திலிருந்து காப்பாற்றியவர் என்று அவரைச் சுற்றியிருந்த ஆங்கிலேயர் வட்டம் பேசிக்கொண்டிருந்த நேரம். பயந்து சுட்டவர் என்பதைவிடத் திட்டமிட்டுப் பாடம் புகட்டியவர் என்பது அந்த வட்டத்தில் மதிப்பான வேடம். எனவே ஏப்ரலில் நோக்கமே இல்லாதிருந்த இடத்தில் பிற்பாடு ஒரு பெரிய நோக்கத்தை அவர் பொருத்திக்கொண்டார் என்ற வாதத்துக்கும் இடம் இருக்கிறது.

நவம்பர் சாட்சியத்துக்கு இன்னொரு சூழ்நிலை உண்டு. செப்டம்பரிலேயே, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிகள் மீது வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புச் சட்டம் ஒன்றை அரசு நிறைவேற்றிவிட்டது. வாயைத் திறந்தால் சிறை என்ற நிலையில் அவர் பேசவில்லை. அதனால்தான் அவ்வளவு வெளிப்படையாகப் பேசினார் என்று சொல்லலாம். வீறாப்பாகப் பேசவும் அதுவே இடம் கொடுத்தது என்றும் சொல்லலாம். இந்த இரண்டில் ஒன்றை நான் அவளுக்குத் தேர்ந்து கொடுக்கவில்லை. எனக்கென்று ஒரு தீர்ப்பு உண்டு: 33 தோட்டா ஏப்ரலிலேயே சுடப்பட்டுவிட்டது. ஆகஸ்டில் வந்த விளக்கம் அந்த எண்ணோடு பொருந்துகிறது, ஏப்ரல் விளக்கம் பொருந்தவில்லை. சொல் பிற்பாடு வந்திருந்தாலும் செயல் முன்பே அதைச் சொல்லிவிட்டது. வேறு ஆசிரியர் வேறு விதமாக எடை போடலாம்.

நான்காம் கட்டத்துக்கு வரும்போது மணி எட்டரை. அவள் அம்மா போனில் கூப்பிட்டுவிட்டாள். நல்ல வேளையாக இந்தக் கட்டம் சுருக்கமானது, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பயன்பாடு என்பதற்கு முன்னால் "எந்தக் கேள்விக்கு?" என்று எழுதாமல் ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. கேள்வி இல்லாமல் பயன் கிடையாது. சல்லடை நல்லதா என்று கேட்டால் மாவு சலிக்கவா, தண்ணீர் மொள்ளவா என்று திருப்பிக் கேட்போம் இல்லையா.

ஜாலியன்வாலா பாக்கில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு டயரின் எழுத்து ஏறக்குறைய பயனற்றது. உத்தரவிட்டவர் தன் செயலை எந்த அளவுகோலால் சரி என்று கருதினார் என்ற கேள்விக்கு ஆகஸ்ட் அறிக்கைக்கு ஈடான சான்று இல்லை. அதில் உள்ள சாய்வுதான் அங்கே பயனே. சாய்வைக் கழித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு மிச்சம் எதுவும் இருக்காது. மூன்றாவதாக ஒரு கேள்வி: கூட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூட்டம் கூடத் தடை என்பது தெரியுமா? இங்கே டயரால் சொல்ல முடிவது, காலையில் ஊரைச் சுற்றித் தண்டோரா போட்டேன் என்பது மட்டும். போட்டதைச் சொல்லலாம், காதில் விழுந்ததைச் சொல்ல முடியாது. அன்று பைசாகி. வெளியூரிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அதற்கு வேறு சான்று வேண்டும்.

முதலில் அவள் எழுதிய "ஆங்கிலேயர், பயாஸ், நம்ப முடியாது" என்ற வரி அடிபட்டது இதனால்தான். எழுதியதை எல்லாம் ஒரு முறை சோதிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். டயர் என்ற பெயரை விரலால் மறைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைப் படிப்பது. மறைத்த பிறகு கிளைவுக்கும் கர்சனுக்கும் அதே வாக்கியம் பொருந்துமானால் அடித்துவிட வேண்டியதுதான். "முதன்மைச் சான்று என்பதால் பயனுள்ளது" என்பது உலகத்தில் உள்ள எல்லா முதன்மைச் சான்றுக்கும் பொருந்தும். அதுவும் போயிற்று.

கடைசியில் அவள் நோட்டில் நின்ற வார்ப்பு இது. அடுத்த சான்றுக்கு இதையே எடுத்துப் போகட்டும் என்று கோடிட்ட இடங்களோடு எழுதச் சொன்னேன்:

தோற்றம்: சம்பவத்தில் ______ ஆக இருந்தவர், சம்பவம் நடந்து ______ காலத்துக்குப் பின், ______ க்கு எழுதியது அல்லது சொன்னது, அதற்கு முன் இதைப் பற்றி அவர் ______ சொல்லியிருக்கிறார்.

நோக்கம்: வாசகர் ______, அந்த வாசகர் அவரிடம் ஏற்கெனவே ______ மனநிலையில் இருந்தார், அவரை எதை நம்பவைக்க எழுதினார் என்பது "______" என்ற சொற்களில் தெரிகிறது.

நம்பகத்தன்மை: ______ என்ற தகவலை நம்பலாம், ஏனெனில் ______, ______ என்பதை நம்பத் தயங்க வேண்டும், ஏனெனில் ______, இரண்டும் ஒன்றோடொன்று ______.

பயன்பாடு: ______ என்ற கேள்விக்குப் பயன்படும், அதன் சாய்வு ______ ஆவதால், ______ என்ற கேள்விக்கு இதனால் பதில் சொல்ல முடியாது, அதற்கு ______ தேவை.

தோற்றத்தில் "அதற்கு முன் சொல்லியிருக்கிறார்" என்ற இடம் பல சான்றுகளுக்குக் காலியாகவே இருக்கும். இருக்கட்டும். பரீட்சைத் தாளில் முன்னறிக்கையைக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்தக் கோடு இருந்தால்தான், நாலு மாத இடைவெளியைப் பார்த்ததும் "நடுவில் என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தோன்றும்.

இரண்டு நாள் கழித்து அவள் வார்ப்பை ரத்தன் தேவியின் வாக்குமூலத்தில் போட்டுப் பார்த்துக் கொண்டுவந்தாள். கணவரைத் தேடிப் பாக்குக்குள் போய், சடலத்தைக் கண்டுபிடித்து, ஊரடங்கில் யாரும் உதவிக்கு வராமல், நாய்கள் நெருங்காதபடி கையில் ஒரு மூங்கில் தடியோடு இரவு முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெண் அவர். காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழுவிடம் அவர் சொன்னது அந்தக் குழுவின் 1920 அறிக்கையோடு வெளிவந்தது. காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் ஆகியோர் இருந்த குழு.

முதல் கட்டத்திலேயே வார்ப்பு தடுமாறியது. "எழுதியவர்னு யாரைப் போடறது ஆன்ட்டி? சொன்னது அவங்க, எழுதினது குழு, நாம படிக்கிறது இங்கிலீஷ்." அவள் கண்ணில் பட்டது சரியான விஷயம். ரத்தன் தேவி ஆங்கிலத்தில் பேசியிருக்க வாய்ப்பில்லை. நடுவே கேள்வி கேட்டவர் ஒருவர், மொழிபெயர்த்தவர் ஒருவர், எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்தவர் ஒருவர் என்று மூன்று கைகளாவது பட்டிருக்கும். நோக்கமும் இரண்டாகப் பிரிகிறது. கணவரை இழந்தவர் தன் இரவைச் சொல்கிறார். குழு அதை அரசின் விசாரணைக்குப் பதிலாக நாட்டின் முன் வைக்கிறது. இரண்டையும் ஒரே கோட்டில் அடைத்தால் "பிரிட்டிஷாருக்கு எதிரான பயாஸ்" என்று மறுபடி பழைய இடத்துக்கே வந்து சேர்வோம். ஆகவே தோற்றம், நோக்கம் ஆகிய இரண்டு கட்டங்களையும் குறுக்கே கோடு போட்டு, மேலே "சொன்னவர்", கீழே "பதிந்தவர்" என்று பிரித்துக்கொண்டோம்.

நம்பகத்தன்மையை அவளே நன்றாக எழுதியிருந்தாள். அந்த இரவு, நாய்கள், கையில் இருந்த தடி, உதவி கேட்டும் வர மறுத்தவர்கள் ஆகியவை நேரில் பட்டவை, அரசியல் வாதத்துக்கு அவசியமே இல்லாத நுணுக்கங்கள் என்பதால் எடை அதிகம். சுற்றிலும் எத்தனை சடலங்கள் கிடந்தன என்பதற்கு, இருட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவர் என்பதால் எடை குறைவு.

பயன்பாட்டில் மூன்று வரிகள் எழுதியிருந்தாள், அதில் ஒன்று நான் யோசிக்காதது. காயம்பட்டவர்களைக் கவனிப்பது என் வேலை அல்ல, மருத்துவமனைகள் திறந்திருந்தன, அவர்கள் போயிருக்கலாம் என்று டயர் கமிட்டி முன் சொன்னார். ஊரடங்கில் சடலத்தைத் தூக்கிப்போக ஒரு கட்டில்கூடக் கிடைக்காமல் அலைந்ததாக ரத்தன் தேவி சொல்கிறார். "ஹாஸ்பிடல் திறந்திருந்ததாங்கறது இல்ல ஆன்ட்டி, தெருவுல நடக்க விட்டாங்களாங்கறதுதான் கேள்வி. அதுக்கு இவங்கதான் சோர்ஸ்" என்றாள். இந்த வரியை அப்படியே தமிழிலேயே ஓரத்தில் எழுதி வைத்துக்கொள், ஆங்கிலத்தில் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.